சம்பள உயர்வு கேட்கிறார், காரணம் சொல்லத் தெரியவில்லை: என்ன பதில் சொல்வது?

கேள்வி: என்னிடம் ஐந்து வருடமாக வேலை பார்ப்பவர் சம்பளத்தைக் கூட்டித் தரச் சொல்கிறார். எதற்கு, எவ்வளவு என்று கேட்டால் "எல்லாமே ஏறிடுச்சு, நீங்களே பாத்து செய்யுங்க" என்பதைத் தாண்டி ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. நான் என்ன பதில் சொல்வது?

பதில்:

அன்றைக்கே சரி என்றோ முடியாது என்றோ சொல்லிவிடாதீர்கள். "நீங்களே பாத்து செய்யுங்க" என்கிறார் அல்லவா, நிஜமாகவே உட்கார்ந்து பாருங்கள். எந்தச் சம்பளத்தில் சேர்ந்தார், வருடா வருடம் எவ்வளவு கூடியது, அன்று என்ன வேலை செய்தார், இன்று என்னென்ன அவர் தலையில் இருக்கிறது என்ற கணக்கெல்லாம் அவரிடம் இருக்காது, உங்கள் அலுவலகக் கோப்பில்தான் இருக்கும். அவருக்கு எடுத்துச் சொல்ல வரவில்லை என்பதால் நியாயம் இல்லை என்று ஆகிவிடாது. வாய் உள்ளவர்களுக்கு மட்டும் கூட்டிக்கொண்டே போனால், நாலைந்து வருடத்தில் உங்கள் சம்பளப் பட்டியலைப் பார்த்து யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று சொல்லவே முடியாது.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு க்ளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர்களுக்குச் சுங்கப் பத்திரம் போட்டு விடுவிக்கும் வேலை. 2025 பிப்ரவரியில், ஆவணங்களைப் பார்க்கும் ஒரு பெண் மாலையில் மற்றவர்கள் கிளம்பிய பிறகு வந்து நின்றார். டர்பனிலேயே இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர், வீட்டில் பாட்டியிடம் பேசிய தமிழ் இன்னும் வாயில் இருக்கிறது. "அண்ணா, இந்தச் சம்பளத்துல ஓட்ட முடியல. கொஞ்சம் பாருங்க" என்றார். எவ்வளவு என்று கேட்டதற்கு, "அது நான் எப்படி அண்ணா சொல்றது" என்று தரையைப் பார்த்தார்.

"சரிம்மா, நான் எல்லாத்தையும் எடுத்துப் பாக்கணும். அடுத்த வெள்ளிக்கிழமை உக்காந்து பேசுவோம். அதுக்குள்ள ஒண்ணு மட்டும் யோசிச்சு வைங்க: போன வருஷம் செய்யாத எந்த வேலைய இப்ப நீங்க செய்றீங்க?" என்றேன். முதல் பேச்சில் அவ்வளவு போதும். நாள் குறித்துச் சொல்வது ரொம்ப முக்கியம், வெறும் "பாக்கலாம்" என்றால் நம் ஊர் வழக்கில் இல்லை என்றுதான் அர்த்தமாகும். கேள்வியும் பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "உனக்கு ஏன் கூட்டணும்?" என்றால் எதிரே இருப்பவர் சுருங்கிவிடுவார். என்ன வேலை கூடியது என்று கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். எழுதிக் கொண்டு வா என்று அனுப்புவதும் எனக்குப் பிடிப்பதில்லை. எழுதப் பழகாதவர் அத்தோடு விட்டுவிடுவார், நாமும் பிரச்சினை தீர்ந்தது என்று இருந்துவிடுவோம்.

அந்த வாரத்தில் மூன்று விஷயங்களைப் பார்த்தேன்.

முதலில் விலைவாசி. "எல்லாம் ஏறிடுச்சு" என்பது பொத்தாம்பொதுவான பேச்சு போலத் தோன்றும், ஆனால் அதற்குக் கணக்குப் போட முடியும். தென்னாப்பிரிக்கப் புள்ளியியல் துறையின் கணக்குப்படி சராசரி விலை உயர்வு 2022இல் 6.9 சதவீதம், 2023இல் 6.0, 2024இல் 4.4. மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பெருக்கினால் 18.3 சதவீதம் வருகிறது. 2022 தொடக்கத்தில் அவர் சம்பளம் 12,800 ரேண்ட். பழைய நிலையிலேயே நிற்க வேண்டும் என்றாலும் 2025இல் 15,140 இருந்திருக்க வேண்டும், வாங்கியதோ 14,500. நாங்கள் ஒரு வருடமும் விடாமல் 500, 600 என்று கூட்டித்தான் வந்திருக்கிறோம். இருந்தும், ஒரு வேலையும் கூடாமலே, மாதம் 640 ரேண்ட் அளவுக்கு அவர் பின்னுக்குப் போயிருக்கிறார். அவர் சொன்னது அப்பட்டமான உண்மை, அதை எண்ணாகச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து வேலை. இங்கேதான் கவனம் வேண்டும், ஏனென்றால் ஃபைல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஒரே இறக்குமதியாளருக்கு மாதாமாதம் வரும் துவரம் பருப்பு கன்டெய்னர், போன மாதப் பத்திரத்தைப் பார்த்துச் செய்துவிடக்கூடியது. பல பேர் சரக்கு கலந்து வரும் கன்டெய்னரில் நாற்பது வகைப் பொருள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு சுங்க வரி என்பதைத் தீர்மானிக்கும் டாரிஃப் கோடு எண்ணைத் தேட வேண்டும். அதனால் ஃபைலை விட்டுவிட்டு, பத்திரத்தில் பொருளுக்கு ஒன்றாக வரும் வரிசைகளை எண்ணினேன். ஒரு மூத்தவர் விலகிப் போன பிறகு, மசாலா, அரிசி, பருப்பு இறக்குமதியாளர்களுக்கான கோடு சரிபார்க்கும் வேலை ஓசையில்லாமல் இவர் மேசைக்கு வந்திருந்தது. யாரும் கடிதம் கொடுக்கவில்லை, பதவிப் பெயரும் மாறவில்லை. வரிசைகள் முன்பு இருந்ததைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

தரத்துக்கும் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. பத்திரம் தாக்கல் செய்த பிறகு தப்பு தெரிந்தால் வவுச்சர் ஆஃப் கரெக்‌ஷன் என்ற திருத்தப் பத்திரம் போட வேண்டும். கோடு தப்பினால் வரி குறைவாகக் கட்டியதற்கு அபராதம் வரலாம், சரக்கும் நின்றுவிடும், நிற்கிற ஒவ்வொரு நாளும் துறைமுகத்தில் சேமிப்புக் கட்டணம் ஏறும். இவ்வளவு வரிசைகளைப் பார்த்தும் நம்மால் நேர்ந்த திருத்தங்கள் இவர் பெயரில் மிகக் குறைவு. வாடிக்கையாளர் பிறகு இன்வாய்ஸை மாற்றியதால் போட்ட திருத்தங்களை நான் கழித்துவிட்டேன், அது இவர் தப்பு இல்லை. உங்கள் தொழில் வேறாக இருக்கலாம். திரும்பி வந்த சரக்கோ, மறுபடி செய்த பில்லோ, இதுபோல் தப்பின் சுவடு எங்காவது பதிவாகியிருக்கும், அதைத் தேடுங்கள்.

மூன்றாவது, பக்கத்து மேசை. 2023இல் வேறொரு கம்பெனியிலிருந்து வந்த ஒருவர் அதே வேலைக்கு 16,100 வாங்குகிறார். வெளியிலிருந்து எடுக்கும்போது சந்தை விலை கொடுக்கிறோம், உள்ளே இருப்பவருக்கு வருடாந்திரச் சதவீதம் கொடுக்கிறோம், இப்படித்தான் பழைய ஆட்கள் பின்தங்குகிறார்கள். இந்த நாட்டில் இது சட்ட விஷயமும்கூட. எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி சட்டத்தின் 6(4) பிரிவு, ஒரே வேலைக்கோ சம மதிப்புள்ள வேலைக்கோ இனம், பால் போன்ற காரணங்களாலோ வேறு தான்தோன்றித்தனமான காரணத்தாலோ வித்தியாசம் காட்டுவதை நியாயமற்ற பாகுபாடு என்கிறது. அனுபவம், தகுதி, செயல்திறன் இவற்றால் வித்தியாசம் இருக்கலாம், ஆனால் கேட்டால் காட்ட வேண்டும். இன்னொன்று: "அவர் சம்பளம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கோபப்படாதீர்கள். தங்கள் சம்பளத்தைச் சக ஊழியர்களோடு பேசும் உரிமையை வேலை நிபந்தனைச் சட்டத்தின் 78ஆம் பிரிவே கொடுத்திருக்கிறது.

கணக்கை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். 1,500 ரேண்ட் கூட்ட வேண்டும் என்றேன்: 650 விலைவாசியில் இழந்ததற்கு, 850 கோடு சரிபார்க்கும் பொறுப்புக்கு. ஒரேயடியாக முடியாது என்றார். கடைசியில் மார்ச்சிலிருந்து 1,000, செப்டம்பரிலிருந்து 500 என்று முடிந்தது. டிசம்பரில் கொடுக்கும் பதின்மூன்றாம் மாதச் சம்பளம், கம்பெனி கட்டும் வேலையின்மைக் காப்பீடு ஒரு சதவீதம், திறன் மேம்பாட்டு வரி ஒரு சதவீதம் எல்லாம் சேர்த்து முதல் வருடச் செலவு 17,000 ரேண்டுக்குள். இவர் போய்விட்டால் புது ஆளுக்கு 16,000க்கு மேல் கொடுத்து, அந்த இறக்குமதியாளர்களின் சரக்கைப் பழக்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடும் என்பதையும் சொன்னேன். முதலாளியின் மனதை மாற்றியது அதுதான் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அவரிடம் மூன்று கணக்கையும் திறந்து காட்டினேன், பக்கத்து மேசைக்காரரின் தொகையை மட்டும் சொல்லவில்லை. கையில் எவ்வளவு வரும் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். அந்தச் சம்பளத்தில் கூடுகிற ஒவ்வொரு ரேண்டுக்கும் 18 சதவீதம் வரி, ஒரு சதவீதம் காப்பீடு, ஆக ஆயிரத்தில் 810தான் வீட்டுக்குப் போகும். இதைச் சொல்லாமல் விட்டால் மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்து முகம் வாடும். "நீங்க கேட்டது சரிதான்மா, கேக்காம விட்டிருந்தா எங்க கண்ணுல பட்டிருக்காது" என்றேன். இரண்டு தேதியும், இரண்டு தொகையும், புதிய பொறுப்பின் பெயரும் போட்டுக் கடிதம் கொடுத்தோம். செப்டம்பர் தொகைக்கு எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைக்கு இன்னொரு பரீட்சை வைப்பது நியாயமில்லை.

எல்லாக் கணக்கும் இப்படி வராது. ஆவணங்களைக் கொண்டுபோய் வரும் ஒரு இளைஞரும் அதே மாதிரிதான் கேட்டார். அவர் சம்பளம் விலைவாசியைத் தாண்டியே கூடியிருந்தது, வேலையும் மாறவில்லை. "இப்ப இல்லப்பா" என்று நேராகவே சொல்லி, எண்களைக் காட்டினேன். சுங்கப் பத்திரம் போடக் கற்றுக்கொண்டு, கண்காணிப்போடு சில கன்டெய்னர்களை முடித்தால் அது வேறு வேலை, அதற்கு வேறு சம்பளம் என்று சொல்லி, ஆகஸ்ட்டில் மறுபடி பார்ப்பதாகத் தேதி குறித்தேன். பேசும்போதுதான் தெரிந்தது, அவருடைய உடனடிக் கஷ்டம் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ். அதற்குச் சம்பள உயர்வு மருந்தில்லை. முன்பணம் கொடுத்து, மாதா மாதம் பிடித்துக்கொள்ள அவர் கையெழுத்தோடு ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். இங்கே எழுத்தில் சம்மதம் வாங்காமல் இப்படிச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர்களும் வருவார்களே என்று நினைப்பீர்கள். வருவார்கள். எனக்கும் அடுத்த மாதமே இரண்டு பேர் வந்தார்கள். அதே மூன்று கணக்கை அவர்களுக்கும் போட்டேன், ஒருவருக்குக் கொஞ்சம் கூடியது, இன்னொருவருக்குக் கூடவில்லை.