டைம் சார்ட்டரில் கப்பல் பழுதானால் வாடகை நிற்குமா?

“டைம் சார்ட்டருக்கும் வாயேஜ் சார்ட்டருக்கும் என்ன வித்தியாசம்? நடுவழியில் எஞ்சின் நின்றுவிட்டால் வாடகை கொடுக்க வேண்டுமா?”

இரண்டுமே கப்பலை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தங்கள். வாயேஜ் சார்ட்டரில் ஒரு பயணத்துக்கு, பெரும்பாலும் டன் கணக்கில், சரக்குக்கூலி பேசுகிறார்கள். எரிபொருளும் துறைமுகச் செலவும் உரிமையாளருடையவை. எஞ்சின் நின்றால் கூலி மாறாது. வீணாகும் நாட்களின் நட்டம் உரிமையாளருக்கே.

டைம் சார்ட்டரில் கப்பலைக் குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கிறார்கள்; வாடகை நாள் கணக்கில் ஓடும். மாலுமிகள், பராமரிப்பு, காப்பீடு ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. எரிபொருளும் துறைமுகச் செலவும் வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பு. தாமதத்தின் சுமை இவர் மீதே விழுவதால்தான் ஆஃப்-ஹயர் ஷரத்து இருக்கிறது: அதில் சொன்ன காரணத்தால் நேரம் இழந்தால் அந்த நேரத்துக்கு வாடகை இல்லை. பொதுவாக, உரிமையாளர் தவறு செய்தாரா என்று பார்ப்பதில்லை.

நாள் வாடகை 12,000 டாலர் என்று வையுங்கள். எஞ்சின் 36 மணி நேரம் நின்றால் 18,000 டாலர் கழியும். அந்நேரம் எரிந்த எண்ணெய்க்கும் கழிவு உண்டா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள்.

தகராறு வருவது வேறிடத்தில். அந்த நேரத்தில் கப்பலிடம் கேட்ட வேலை தடைப்பட்டதா என்பதே கேள்வி. நடுக்கடலில் கிரேன் பழுதானால் பயணம் தடைப்படாது, வாடகை ஓடும். 1891-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்த்த ஹோகார்த் எதிர் மில்லர் வழக்கில், எஞ்சின் பழுதான கப்பலை லாஸ் பால்மாஸிலிருந்து ஹார்பர்குக்கு இழுத்துச் சென்ற நாட்களுக்கு வாடகை கிடைக்கவில்லை. அங்கே சரக்கு இறக்கிய நாட்களுக்குக் கிடைத்தது. இறக்குவதற்கு அந்த எஞ்சின் தேவைப்படவில்லை.