மினிட்ஸிலிருந்து வேலைப் பட்டியல்

பெங்களூரில் எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்தின் 30 பக்க மினிட்ஸ் பிடிஎஃபிலிருந்து முடிவுகளையும் வேலைகளையும் எப்படித் தனியாக எடுப்பது?

முதலில் ஒரு வரியை மவுஸால் செலக்ட் செய்து பாருங்கள். ஆகவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். படத்திலுள்ள எழுத்துகளைத் தேடக்கூடிய எழுத்துகளாக மாற்றும் ஓசிஆர் செய்த பிறகுதான் தேட முடியும். அப்புறம் `resolved`, `approved`, `will` என்று தேடி, கிடைத்த வரிகளைப் பக்க எண்ணோடு எக்செல்லில் போடுங்கள்.

தேடலை மட்டும் நம்பக் கூடாது. உதாரணமாக, 6ஆம் பக்கத்தில் போர்வெல்லுக்குப் புது மோட்டார் என்று முடிவாகியிருக்கும். 21ஆம் பக்கத்தில், செலவு பேசும்போது, ரீவைண்டிங் போதும் என்று மாற்றியிருப்பார்கள். பின்னதுதான் செல்லும். அதனால் ஒரே விஷயம் பற்றிய வரிகளைப் அருகருகே வைத்துப் படியுங்கள். பட்டியலில் இப்படி வரும்:

ரீவைண்டிங்குக்குக் கொட்டேஷன் வாங்குவது | செயலாளர் | ஆகஸ்ட் 10 | பக். 21

பெயரோ தேதியோ மினிட்ஸில் இல்லையா? நீங்களாக நிரப்பாதீர்கள், காலியாக விட்டுச் செயலாளரிடம் கேளுங்கள். "பார்க்கலாம்" என்று நின்றுபோனவை வேலைகள் அல்ல. அவற்றுக்குத் தனி ஷீட் போதும்.