அண்ணாவா, ஐயாவா, அக்காவா? கேளுங்கள், சொல்கிறேன்

நகரப் பேருந்தில் 22 வருடம் நடத்துநராக இருந்தவன் நான். முகம் தெரியாதவர்களைக் கூப்பிடுவதுதான் பாதி வேலையே. கேளுங்கள்.

ஆட்டோ ஓட்டுநருக்கு எங்க அப்பா வயசு இருக்கும். அண்ணான்னு சொன்னா தப்பா? (கல்லூரி மாணவி)

தப்பே இல்லை. நம் பேச்சில் மூத்தவன் அண்ணன், இளையவன் தம்பி. இரண்டுக்கும் பொதுவாக வாயில் வருகிற சொல் கிடையாது, சகோதரர் என்பது மேடைச் சொல். அதனால் யாரைக் கூப்பிட்டாலும் அவருடைய வயதைப் பற்றி ஏதோ சொல்லிவிடுகிறோம். சந்தேகம் வந்தால் ஒரு படி குறைத்துக் கூப்பிடுங்கள். தாத்தாவா ஐயாவா என்று தோன்றினால் ஐயா, அங்கிளா அண்ணாவா என்று தோன்றினால் அண்ணா.

ஆனால் மரியாதை அந்தச் சொல்லில் இல்லை, பின்னால் வருகிற வினைச்சொல்லில் இருக்கிறது. ஒரு நாள் சாயங்காலம் கூட்டத்தில் ஒரு பையன் "அண்ணா, இங்க நிறுத்து" என்றான். ஓட்டுநர் கண்ணாடியில் அவனைப் பார்த்துவிட்டு வண்டியை நேரே நிறுத்தத்துக்குத்தான் கொண்டுபோனார். அங்கே ஒரு அம்மா, அண்ணா தம்பி எதுவும் சொல்லாமல், "இறங்கிக்கிறேன், கொஞ்சம் இருங்க" என்றார். அவர் கால் தரையில் படுகிறவரை வண்டி நகரவில்லை. பையனைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் சொந்த அண்ணனை "வா, போ" என்றுதான் பேசியிருப்பான், அதே பழக்கம் வெளியிலும் வந்துவிட்டது. 'ங்க' முக்கியம்.

மாமான்னு கூப்பிடலாமா? அப்பாவோட ஃபிரெண்ட்ஸை எல்லாம் நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்.

வீட்டுக்கு வந்துபோகிறவர் என்றால் தாராளமாக. தெருவில் வேண்டாம். அண்ணன், அக்கா, பெரியப்பா எல்லாம் கூடப்பிறந்த வழி, அதில் வம்பு கிடையாது. மாமாவும் அத்தையும் கொண்டான் கொடுத்தான் வழி. மாமன் மகளைக் கட்டுகிற வழக்கம் உள்ள ஊர்களில் "எந்த முறையில மாமா?" என்று கிண்டல் வரும். அதோடு பேச்சில் அந்தச் சொல்லுக்கு ஒரு கெட்ட அர்த்தமும் இருக்கிறது. அங்கிள் இவ்வளவு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், அதில் முறை எதுவும் ஒட்டவில்லை.

எனக்கு 34 வயசு. என்னைவிட ரெண்டு வயசு சின்னவர் ஆன்ட்டிங்கிறார். கோபப்படலாமா?

படலாம். பள்ளிக்கூடப் பிள்ளை ஆன்ட்டி என்றால் சரி, வளர்ந்த ஆள் அக்கா என்றோ மேடம் என்றோதான் சொல்ல வேண்டும்.

ஆன்ட்டி மரியாதையான வார்த்தைதானே சார்? எங்க குடியிருப்பில எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க.

பாதி சரி. உங்கள் குடியிருப்பில் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளாக இருப்பார்கள். கூப்பிடுகிறவர் வயதையும் பாருங்கள்.

காய்கறிக் கடை வச்சிருக்கேன். என்னை அக்காங்கிறவங்க, கார்ல வர்ற அம்மாவை மேடம்ங்கிறாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. இது என்ன கணக்கு?

நீங்கள் சொல்வது உண்மை. நானே அப்படித்தான் செய்திருக்கிறேன். கைப்பையும் அலுவலக அட்டையுமாக ஏறினால் மேடம், கூடையோடு ஏறினால் "உள்ள போம்மா". 'ங்க' கூடப் போட மாட்டேன். அன்பாகத்தான் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன், இப்போது யோசித்தால் உறுத்துகிறது.

அக்காதான் நல்லாருக்கு. மேடம்னா தள்ளி நிக்கிற மாதிரி இருக்கு. (தையல் கடை வைத்திருப்பவர்)

எனக்கு அக்கான்னாலே பேரம் பேசப் போறாங்கன்னுதான் அர்த்தம். (அதே காய்கறிக் கடைக்காரர்)

இரண்டு பேரையும் என்னால் மறுக்க முடியவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். கடைக்காரரை அக்கா என்றால் அவரிடம் வாங்க வந்தவரையும் அக்கா என்று கூப்பிட்டுப் பாருங்கள். நாக்கு தயங்கினால் எங்கே பாகுபாடு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

50 வயசுக்காரரை எப்படிக் கூப்பிடறது?

முதல் பதிலைப் படியுங்கள்.

மாமியாரை அம்மான்னு கூப்பிடலாமா அத்தைன்னு கூப்பிடலாமா?

இங்கே முகம் தெரியாதவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். அதை உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

டிரைவருக்கு 25 வயசு, எனக்கு 61. தம்பின்னு சொல்லலாமா? போ வான்னு பேசலாம்தானே?

தம்பி என்று சொல்லலாம். போ வா வேண்டாம். "தம்பி, பார்த்துப் போங்க" என்று சொல்லுங்கள். கொங்குப் பக்கம் சின்னப் பிள்ளைக்கே "வாங்க கண்ணு" என்பார்கள். இதோடு மூன்றாவது தடவை 'ங்க' பற்றிச் சொல்லிவிட்டேன், தயவுசெய்து மனதில் வையுங்கள்.

அண்ணாச்சின்னா மளிகைக் கடைக்காரர்தானே?

சென்னையில் அப்படி ஆகிவிட்டது. திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் மதிக்கிற எந்த ஆணையும் அண்ணாச்சி என்பார்கள்.

முன்னாடி நிக்கிறவர் முதுகுதான் தெரியுது. வயசே தெரியலைன்னா?

உறவே சொல்ல வேண்டாம். "ஏங்க, கொஞ்சம் வழி விடுங்க." அவர் திரும்பிப் பார்த்த பிறகு வேண்டுமானால் அண்ணாவோ ஐயாவோ சேர்த்துக்கொள்ளலாம்.