பார்லர் பாக்கிக்கு டீலரிடம் அவகாசம் கேட்டுக் கடிதம் எழுதுவது எப்படி?

கேள்வி: மதுரையில் சிறிய பியூட்டி பார்லர் நடத்துகிறேன். ஆடியும் புரட்டாசியும் வழக்கம்போல் மந்தம். அதோடு கடை வாசலில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டியதால் ஜூலை முதல் செப்டம்பர் வரை வியாபாரமே இல்லை. டீலருக்கு மூன்று பில்களில் 72,000 ரூபாய் பாக்கி. 30 நாள் கெடுவை நீட்டிக்கக் கேட்டு எப்படிக் கடிதம் எழுதுவது?

பதில்:

பார்லர்களுக்கு அழகுப் பொருட்கள் விற்கும் ஒரு டீலரிடம் வசூல் கணக்கைப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். இப்படிப்பட்ட கடிதங்கள் என் மேசைக்குத்தான் வரும். அவற்றில் பெரும்பாலானவை "வியாபாரம் சரியில்லை, கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்பதோடு முடிந்துவிடுகின்றன. அதை வைத்து நான் முதலாளியிடம் எதுவும் சொல்ல முடியாது; எந்தத் தேதியில் எவ்வளவு வரும், அது எந்தப் பில்லுக்கு என்பதுதான் அவருக்கு வேண்டும். டீலரும் கம்பெனிக்குக் கெடுவுக்குள் பணம் கட்டியாக வேண்டியவர். நீங்கள் தாமதிப்பதைவிட, பழைய பாக்கியை அப்படியே விட்டுவிட்டு வேறொரு டீலரிடம் ரொக்கத்துக்குச் சரக்கு எடுக்கப் போய்விடுவீர்களோ என்பதே அவருடைய பெரிய பயம். உங்கள் கடிதம் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எழுதுவதற்கு முன்பு டீலரின் அலுவலகத்தில் உங்கள் கணக்கின் லெட்ஜர் நகலைக் கேட்டு வாங்கி, உங்களிடம் உள்ள பில்களோடு ஒத்துப் பாருங்கள். திருப்பி அனுப்பிய சரக்குக்கான கிரெடிட் நோட்டோ, ஸ்கீமில் சொன்ன தள்ளுபடியோ வரவு வைக்கப்படாமல் கிடப்பது அடிக்கடி நடக்கும். நீங்கள் கையெழுத்திட்டுத் தரும் கடிதம் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டதாகச் சட்டப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்பதால், அதில் உள்ள தொகை பைசா சுத்தமாக இருப்பது உங்களுக்கே நல்லது.

அடுத்தது தேதிகள். ஆடி ஆண்டுதோறும் வருவதுதானே என்று டீலர் நிச்சயம் கேட்பார். ஆகவே இந்த ஆண்டு கூடுதலாக என்ன நடந்தது என்பதைச் சொல்லுங்கள். வாசலில் தோண்டிக் கிடந்த பள்ளத்தை அவருடைய சேல்ஸ்மேனே பலகை மேல் நடந்து தாண்டி உள்ளே வந்திருப்பார் என்பதால், அதற்குத் தனியாகச் சாட்சி தேவையில்லை. பணம் தரும் நாட்களை உங்கள் மணப்பெண் அலங்கார புக்கிங் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். முன்பணம் போக மீதி உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் முகூர்த்த நாளில்தான்; எனவே ஒவ்வொரு தவணையையும் ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களுக்கு இரண்டு மூன்று நாள் பிந்தி வையுங்கள். டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்துவிட்டால் கல்யாண வேலை மறுபடி நின்றுவிடும். அதற்குள் முழுப் பாக்கியும் தீர்வதுபோல் திட்டம் இருந்தால்தான் அதை நம்ப முடியும்.

தொகையை ரவுண்டான தவணைகளாகப் பிரிக்காமல், பழைய பில்லிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் தீர்வதுபோல் பிரியுங்கள். எங்கள் கணக்கு பில்வாரியாகத்தான் ஓடுகிறது. மூன்று பில்களிலும் அரைகுறையாக நிற்கும் கணக்கைவிட, இரண்டு பில் தீர்ந்து ஒன்று மட்டும் நிற்கும் கணக்குக்கு அடுத்த சரக்கை அனுப்ப முதலாளி எளிதில் சம்மதிப்பார். பில் தேதிகளையும் தொகைகளையும் மாதிரிக்காக வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன், உங்களுடையவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: நிலுவைத் தொகை ரூ.72,000-ஐச் செலுத்தக் கூடுதல் அவகாசம் வேண்டுதல்.

தங்களிடமிருந்து ஜூலை 24 (ரூ.31,500), ஆகஸ்ட் 21 (ரூ.22,000), செப்டம்பர் 12 (ரூ.18,500) ஆகிய தேதிகளில் வாங்கிய சரக்குக்கு மொத்தம் ரூ.72,000 செலுத்த வேண்டியுள்ளது. முதல் இரண்டு பில்களுக்கும் 30 நாள் கெடு கடந்துவிட்டதை அறிவேன், அதற்காக வருந்துகிறேன்.

கடந்த காலாண்டில் ஆடி, புரட்டாசி மாதங்களின் மந்தத்தோடு, பாதாளச் சாக்கடைப் பணிக்காகக் கடை வாசல் தோண்டப்பட்டதால் வாடிக்கையாளர் வரவு பெரிதும் குறைந்தது. இப்போது பள்ளம் மூடப்பட்டுவிட்டது. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களுக்கு மணப்பெண் அலங்காரப் பதிவுகளும் வந்துள்ளன.

எனவே நிலுவையைப் பின்வருமாறு செலுத்த அனுமதிக்க வேண்டுகிறேன். முதல் பில்லில் ரூ.11,500-ஐ இக்கடிதத்துடன் இன்று (அக்டோபர் 3) அனுப்பியுள்ளேன். அதன் மீதி ரூ.20,000-ஐ நவம்பர் 5 அன்றும், இரண்டாம் பில்லின் ரூ.22,000-ஐ நவம்பர் 25 அன்றும், மூன்றாம் பில்லின் ரூ.18,500-ஐ டிசம்பர் 12 அன்றும் செலுத்திவிடுவேன்.

இந்த நிலுவை தீரும்வரை, புதிதாக எடுக்கும் சரக்குக்கு அது வந்து இறங்கும்போதே பணம் தந்துவிடுகிறேன். தங்கள் சம்மதத்தை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(உரிமையாளர் கையொப்பம், கடை முத்திரை)"

இதில் எடை கூடியவை இரண்டு இடங்கள்: கடிதத்தோடு வரும் 11,500 ரூபாயும், புதுச் சரக்குக்கு ரொக்கம் என்ற வாக்கும். இரண்டாவதைச் சொல்வதற்கு முன்பு உங்களால் முடியுமா என்று பாருங்கள். இரண்டு மாதங்களுக்கு வேக்ஸ், ப்ளீச், த்ரெடிங் நூல் போன்ற அன்றாடச் செலவுப் பொருட்களை மட்டும் சிறு சிறு அளவில் எடுத்துக்கொண்டு, விலை கூடிய ஃபேஷியல் கிட்டுகளைப் புக்கிங் உறுதியான பிறகு வாங்கினால் முடியும். பிரிக்காத ஹேர் கலர் ட்யூப்கள் காலாவதித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கும் நிலையில் உங்கள் அலமாரியில் இருந்தால், அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்றும் கேளுங்கள். பாக்கியே அந்த அளவுக்குக் குறையும்.

உறுதிக்காக, வரப்போகும் தவணைத் தேதிகளைப் போட்ட காசோலைகளை இப்போதே தரும்படி டீலர் கேட்கலாம். புக்கிங் முன்பணம் வாங்கி உறுதியான தவணைக்கு மட்டும் கொடுங்கள். கணக்கில் பணமில்லாமல் காசோலை திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி அது குற்ற வழக்காகவே ஆகலாம். நல்லெண்ணத்தில் கேட்ட அவகாசம் அப்படி முடியக் கூடாது.

இந்தக் கடிதம் வாங்கி விற்கும் டீலருக்குப் பொருந்தும். மூலிகை ஃபேஸ்பேக் போன்றவற்றைத் தாமே தயாரித்துத் தரும், உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்திடமும் உங்களுக்குப் பாக்கி இருந்தால் கதை வேறு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாட்களைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டின் மூன்று மடங்கில் மாதக் கூட்டு வட்டி கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆகவே கையில் இருக்கும் பணத்தில் அவர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு, அவகாசத்தை டீலரிடம் கேட்பதே சரியான வரிசை.

கடிதத்தை அலுவலகத்துக்கு அனுப்பும் அன்றே ஒரு நகலைச் சேல்ஸ்மேனிடமும் கொடுங்கள். உங்கள் பில்லுக்கு அங்கே பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். தமக்குத் தெரியாமல் முதலாளிக்குக் கடிதம் போனது என்று மனம் நொந்தால், உங்களுக்காக ஒரு வார்த்தை பேச மாட்டார். சம்மதம் வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும், அதை அழிக்காமல் வைத்திருங்கள். பிறகு ஏதேனும் ஒரு தவணை தள்ளிப்போகும் என்று தெரிந்தால், தேதிக்கு இரண்டு நாள் முன்பே பேசி, முடிந்த தொகையை அன்றே அனுப்பி, மீதிக்குப் புதுத் தேதியை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.