மருத்துவர் பதில்: "மனசு சரியில்லை" என்பதற்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: எனக்கு 36 வயது, அம்பாசமுத்திரம் பக்கம். சாயங்காலம் ஆனால் நெஞ்சு கனத்துப் போகிறது. இசிஜி, தைராய்டு, ரத்தம் எல்லாம் பார்த்தாச்சு, நார்மல். வீட்டில் கேட்டால் "மனசு சரியில்லை" என்பேன், அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. என்ன உணர்ச்சி என்று பெயர் வைத்துச் சொல்லிப் பழகச் சொல்கிறாள் தோழி. தோண்டினால் கூடத்தானே செய்யும்?

பதில்: கூடாதும்மா, பெரும்பாலும் குறையத்தான் செய்யும். கூடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இதைப் பற்றிய ஓர் ஆய்வுக்கு வந்தவர்களிடம் முன்கூட்டியே கேட்டபோதும், பெயர் சொன்னால் வேதனை அதிகமாகும் என்றே கணித்தார்கள், ஆனால் சொல்லிப் பார்த்தபோது குறைந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ லீபர்மன் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், கோபமோ பயமோ தெரியும் முகப் படங்களைக் காட்டி, அது என்ன உணர்ச்சி என்று சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அப்போது மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் வேகம் தணிந்தது, நெற்றிக்குப் பின்னால் வலப்பக்கம் இருக்கிற, உணர்ச்சியைக் கட்டுப்படுத்த உதவுகிற பகுதி சுறுசுறுப்பானது. அதே படங்களுக்கு ஆளின் பெயரைப் பொருத்தச் சொன்னபோது அந்தத் தணிவு இல்லை.

"சரியில்லை" என்பது ஏன் போதாது என்றால், அது எல்லாவற்றுக்கும் பொருந்தும், அதனால் அடுத்து என்ன செய்வது என்று அதிலிருந்து எதுவும் தெரியாது. முக்கூடல் பக்கமிருந்து வந்த ஒரு பீடி சுற்றும் அக்காவைச் சொல்கிறேன் (அடையாளம் மாற்றியிருக்கிறேன்). கடையில் பீடி கொடுத்துவிட்டு வந்த நாளெல்லாம் "ஒரே கோவமா வருது டாக்டர்" என்பார், பிள்ளைகளிடம் சத்தம் போடுவார். கோபம் என்றால் யாரையாவது எதிர்க்கத் தோன்ற வேண்டுமே, உங்களுக்கு அந்த நேரம் என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "யார் கண்ணிலும் படாம எங்கயாவது போயிரணும்னு இருக்கு" என்றார். கடையில் இவர் சுற்றிய பீடிக் கட்டைப் பிரித்துக் கழிவு என்று நாலு பேர் முன்னால் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அது அவமானம். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது, கழிந்த காசுக்கு மகளின் ஃபீஸை எப்படிக் கட்டுவது என்ற பயம். இரண்டையும் பிரித்துச் சொன்னதும், பத்துக்கு எட்டு என்று சொல்லியிருந்த வேதனையை ஐந்து என்றார். அப்புறம் வழியும் தனித்தனியாகத் தெரிந்தது: பயத்துக்குப் பள்ளியில் இரண்டு தவணை கேட்பது, அவமானத்துக்குக் கடைக்காரரிடம் கூட்டம் இல்லாத நேரத்தில் போய்ப் பேசுவது. ஐந்து பூஜ்யம் ஆகவில்லை, ஆகவும் வேண்டாம், காரணம் உண்மையாகவே இருக்கிறதே.

உங்களுக்குச் சாயங்காலம் கனம் வரும்போது உட்கார்ந்து முதலில் பத்துக்கு எத்தனை என்று போடுங்கள். உடம்பில் எங்கே இருக்கிறது, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது அல்லது எது ஞாபகம் வந்தது, இப்போது என்ன செய்யத் தோன்றுகிறது, அழவா, ஒளியவா, சண்டை போடவா, யாரையாவது பார்க்கவா என்று கவனியுங்கள். பிறகு இரண்டு மூன்று சொல்லை வைத்துப் பாருங்கள்: ஏக்கமா, ஏமாற்றமா, ஆற்றாமையா, குற்ற உணர்ச்சியா, சலிப்பா, கலக்கமா, மனத்தாங்கலா. சரியான சொல் வரும்போது பலருக்கு மூச்சு கொஞ்சம் இறங்கும். "இன்னது நடந்ததால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது" என்று ஒரு வரி எழுதி, மறுபடி எண் போட்டுவிட்டு எழுந்துவிடுங்கள். இரண்டு நிமிடம் போதும், வீட்டில் கேட்டாலும் அந்த வரியையே சொல்லலாம்.

இதில் தவறுவது இரண்டு இடங்களில். "என்னை யாரும் மதிக்கலை" என்று எழுதினால் அது அடுத்தவர் மேல் புகார், உணர்ச்சியின் பெயர் இல்லை, "அதனால் எனக்கு என்ன?" என்று இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். இன்னொன்று, "ஏன் எனக்கு மட்டும்" என்று அரை மணி நேரமாகச் சுற்றிக்கொண்டிருப்பது. எண் ஏறிக்கொண்டே போனால் நீங்கள் பெயர் வைக்கவில்லை, அசைபோடுகிறீர்கள், நிறுத்திவிட்டு வேலையைப் பாருங்கள். ஒன்பது, பத்து என்று இருக்கும்போது சொல்லே வராது, முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடித்து, மூச்சை மெதுவாக நீட்டி விட்டு, கொஞ்சம் இறங்கிய பிறகு தொடங்குங்கள்.

நெஞ்சுக் கனத்தோடு வியர்வை, மூச்சிரைப்பு, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால் இதெல்லாம் வேண்டாம், முன்பு எடுத்த இசிஜி நார்மல் என்றும் இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரி போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் காட்டுங்கள். வாழவே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் அன்றே 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள், கட்டணம் இல்லை, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.