வாடகையும் வீட்டுக்கடன் வட்டியும் ரிட்டர்னில்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

சென்னையில் வரி ஆலோசகராக இருக்கிறேன். சம்பளக்காரர்கள் ஒன்றிரண்டு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் விஷயம் மட்டும் இன்று. பங்குச்சந்தை, ஜிஎஸ்டி வேண்டாம்.

தாம்பரம் ஃபிளாட்டை மாதம் 18,000க்கு விட்டிருக்கிறேன். வட்டி மட்டும் வருடத்துக்கு 4,32,000. வாடகையே காணாது. இதை எப்படிக் காட்டுவது?

உங்கள் கணக்கையே முழுசாகப் போட்டுவிடலாம். வாடகை 2,16,000. சொத்து வரி நீங்கள் இந்த வருடத்துக்குள் கட்டியது 6,000 என்று வைத்துக்கொள்வோம். அதைக் கழித்தால் 2,10,000. இதில் 30 சதவீதம், அதாவது 63,000, பழுதுபார்ப்புக்காகச் சட்டமே தருகிற கழிவு. நீங்கள் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை என்றாலும் உண்டு. இரண்டு லட்சத்துக்கு வீட்டையே புதுப்பித்தாலும் அவ்வளவுதான். மிச்சம் 1,47,000. அதிலிருந்து வட்டி 4,32,000 முழுவதையும் கழிக்கலாம். நஷ்டம் 2,85,000.

இனிமேல்தான் பாதை பிரிகிறது. பழைய வரி முறையில் இந்த நஷ்டத்தில் 2,00,000 வரை சம்பளத்தில் கழிக்கலாம். மீதி 85,000 அடுத்த 8 வருடத்துக்குக் கூடவே வரும், ஆனால் வீட்டு வருமானத்தில் மட்டும் கழிக்கலாம். ஐடிஆர்-1ல் போட்டால் இந்த 85,000 போய்விடும், அந்தப் படிவத்தில் நஷ்டத்தை எடுத்துச் செல்ல இடமில்லை. ஐடிஆர்-2 எடுங்கள்.

புதிய வரி முறையில் வாடகை வருமானம் பூஜ்யமாகும், அதோடு சரி. சம்பளத்தில் ஒரு ரூபாய் கழியாது. அந்த நஷ்டத்தை அடுத்த வருடம் வரும் வாடகையில் கழிக்க எடுத்துச் செல்லலாமா என்பதில் எங்கள் ஆட்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நான் அதை நம்பித் திட்டம் போடுவதில்லை.

இன்னொன்று. பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டே ஆகவேண்டும். தாமதமாகப் போட்டால் புதிய முறைதான், அந்த 2,00,000 உங்களுக்கு இல்லை. இதை நான் வருடாவருடம் கத்துகிறேன், ஆகஸ்டில் வந்து நிற்பவர்களும் வருடாவருடம் வருகிறார்கள்.

வட்டிக்கு 2 லட்சம்தானே உச்சவரம்பு? நீங்கள் 4.32 முழுசாகப் போடச் சொல்கிறீர்களே?

நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்குத்தான் அந்த வரம்பு, அதுவும் பழைய முறையில் மட்டும். வாடகை வீட்டில் வட்டிக்கு வரம்பு இல்லை. சம்பளத்தில் கழிக்கும் நஷ்டத்துக்குத்தான் 2 லட்சம். ஒரே எண் இரண்டு இடத்தில் வருவதால் வரும் குழப்பம்.

மாத இ.எம்.ஐ. 41,000. 12 ஆல் பெருக்கி 4,92,000 என்று வட்டிக் கட்டத்தில் போட்டுவிட்டேன். சரியா?

தப்பு. இ.எம்.ஐ.யில் அசலும் இருக்கிறது. ‘Interest payable on borrowed capital’ என்ற கட்டத்துக்கு வட்டி மட்டும். வங்கி தரும் வருடாந்திரச் சான்றிதழில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். அசல் பழைய முறையில் 80C கழிவுக்குப் போகும்.

சான்றிதழிலும் ஒரு பொறி உண்டு. ஜனவரியில் அலுவலகத்துக்குக் கொடுக்க எடுப்பது உத்தேசக் கணக்கு. நானே ஒரு வருடம் என் ரிட்டர்னில் அதையே போட்டேன். பிப்ரவரியில் கொஞ்சம் அசலை முன்கூட்டி அடைத்திருந்தேன், அதனால் உண்மையான வட்டி 9,000 குறைவு. ஊருக்கு உபதேசம் செய்கிற ஆள் திருத்திய ரிட்டர்ன் போடவேண்டியதாயிற்று. ஏப்ரலுக்கு அப்புறம் வரும் இறுதிச் சான்றிதழை எடுங்கள். கடன் கணக்கு எண், கடன் அனுமதித்த தேதி, மார்ச் 31 நிலுவை எல்லாம் படிவம் கேட்கும். அதற்கும் அதுவே போதும்.

வாடகை 18,000, மெயின்டனன்ஸ் 3,000. குடியிருப்பவர் 21,000ஆக என் கணக்கில் போடுகிறார், 3,000ஐ நான் சங்கத்துக்குக் கட்டுகிறேன். 21,000ஐயும் காட்ட வேண்டுமா?

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது? ‘வாடகை 21,000’ என்று ஒரே எண்ணாக இருந்தால் அதுதான் வாடகை. மெயின்டனன்ஸுக்குத் தனிக் கழிவு கிடையாது, அந்த 30 சதவீதத்துக்குள் அடக்கம்.

(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் குறுக்கே) அப்படியில்லை சார். நான் பத்து வருடமாகக் கழித்துத்தான் போடுகிறேன், யாரும் கேட்டதில்லை. கழிக்கலாம் என்று தீர்ப்பே இருக்கிறது.

தீர்ப்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். சங்கத்துக்குப் போகும் பணம் உரிமையாளர் கைக்கு வராத பணம், அதைக் கழித்துத்தான் ஆண்டு மதிப்பு என்று சில தீர்ப்பாயங்கள் சொல்லியிருக்கின்றன. சட்டத்தில் எழுதிய கழிவு மட்டும்தான் என்று சொன்ன தீர்ப்பாயங்களும் இருக்கின்றன. யாரும் கேட்டதில்லை என்பது வேறு, சரி என்பது வேறு அய்யா.

(அவரே) கேட்டால் வாதாடுவோம். 36,000 ரூபாயை ஏன் சும்மா விடணும்?

வாதாட உங்களுக்கு நேரமிருக்கிறது. கேள்வி கேட்டவருக்கு இருக்கிறதா தெரியவில்லை.

(நடுவில் ஓர் அம்மா) எங்கள் குடியிருப்பில் மெயின்டனன்ஸை வாடகைக்காரரே சங்கத்தின் கணக்கில் நேராகப் போடுகிறார். எங்களுக்கு இந்தச் சண்டையே இல்லையே.

அம்மா சொன்னதுதான் வழி. ஒப்பந்தத்தில் வாடகையையும் மெயின்டனன்ஸையும் பிரித்து எழுதி, சங்கத்துக்கு நேராகக் கட்டச் சொல்லுங்கள். போன வருடத்துக்கு இது உதவாது. அதற்கு நானாக இருந்தால் 21,000 காட்டுவேன், அய்யா 18,000 காட்டுவார்.

வருமான வரித் தளத்தில் என் வருமான விவரங்களைக் காட்டும் ஏ.ஐ.எஸ்.ஸில் வாடகை 2,40,000 என்று இருக்கிறது. எனக்கு வந்தது 1,80,000தான்.

குடியிருப்பவர் வீட்டு வாடகைப்படிக்காக அலுவலகத்தில் உங்கள் பான் எண்ணைக் கொடுத்து, தொகையை ஏற்றிச் சொல்லியிருக்கலாம். முதலில் அவரிடம் கேளுங்கள். ஏ.ஐ.எஸ்.ஸில் அந்த வரியில் ‘Information is not fully correct’ என்று பதில் போட்டு, வந்த தொகையை எழுதுங்கள். ரிட்டர்னில் உண்மையான 1,80,000ஐயே காட்டுங்கள். வங்கிக் கணக்கு விவரமும் ஒப்பந்தமும் பத்திரம்.

பத்திரத்தில் என் பெயரும் மனைவி பெயரும். கடனும் இருவர் பெயரில். வாடகை அவள் கணக்குக்கு வருகிறது, அவளுக்கு வேறு வருமானம் இல்லை. முழுசாக அவளுடையதாகக் காட்டலாமா?

முடியாது. பணம் எந்தக் கணக்கில் விழுகிறது என்பது முக்கியமில்லை, பத்திரத்தில் உள்ள பங்குதான் கணக்கு. அவர் பங்குக்கும் நீங்கள்தான் பணம் போட்டீர்கள் என்றால் அந்த வாடகையும் உங்கள் தலையிலேயே விழலாம். பத்திரத்தோடு ஓர் ஆடிட்டரைப் பாருங்கள்.

கோவையில் சொந்த வீடு வாடகைக்கு, பெங்களூருவில் நான் வாடகைக்கு. கோவை வீட்டுக்கடன் வட்டி, இங்கே வாங்கும் வீட்டு வாடகைப்படி, இரண்டையும் கழிக்கலாமா?

பழைய முறையில் இரண்டும் உண்டு. ஆனால் கோவை வாடகையைக் காட்டாமல் ‘Self Occupied’ என்று போட்டுவிடாதீர்கள்.

அட்வான்ஸ் ஒரு லட்சம் வாங்கினேன், வருமானமா?

திருப்பித் தரவேண்டிய பணம். இல்லை.

வட்டி 3 லட்சம். வாடகை வீடு. 2 லட்சம்தான் போட வேண்டுமாமே?

மேலே இரண்டாவது கேள்வி.

கடன் வாங்கியபின் வீடு கட்டி முடிய மூன்று வருடம் ஆனது. அந்த வட்டி போனதுதானா?

போகவில்லை. நல்ல வேளை கேட்டீர்கள். வீடு முடிந்த நிதியாண்டுக்கு முந்தைய மார்ச் 31 வரை உள்ள வட்டியைக் கூட்டி, அதை ஐந்து சம பங்காக, முடிந்த வருடத்திலிருந்து வருடத்துக்கு ஒன்றாகச் சேர்க்கலாம். மொத்தம் 5,00,000 என்றால் வருடம் 1,00,000. வங்கிச் சான்றிதழ் அந்தந்த வருட வட்டியை மட்டுமே காட்டும், அதனால் பலர் இதை மறந்தே போகிறார்கள். பழைய வருடச் சான்றிதழ்களை வங்கியில் கேட்டு வாங்கி வையுங்கள்.

(வங்கி ஊழியர்) சார், அந்த 36,000 விஷயம்...

அய்யா, டீ குடித்துவிட்டு வருகிறேன்.