பால் டம்ளரும் ரெண்டு துண்டு கேரட்டும்

அன்புள்ள அக்கா,

நாங்கள் கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். பையனுக்கு 2 வயது 4 மாதம், எடை 11.5 கிலோ. ஒரு வயதில் பூசணி, கேரட் என்று மசித்துக் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டவன், இப்போது தட்டில் காய் தெரிந்தாலே வாயை இறுக்க மூடிக்கொள்கிறான். இட்லி, தயிர் சாதம், நெத்திலி குழம்பு சாதம், பிஸ்கட், அவ்வளவுதான். நல்லவேளையாகப் பால் மட்டும் நாலு டம்ளர் குடித்துவிடுவான். "ஒரு வாய் பீன்ஸ் சாப்பிட்டா சாக்லேட்" என்று நான் பேரம் பேசுவேன். மாமியார் போனில் பாட்டுப் போட்டு, வாசலில் காக்கா காட்டி ஊட்டுவார். நேற்று முகத்திலேயே துப்பினான், அடித்துவிட்டேன். அடித்த கை இன்னும் வலிக்கிறது. என்ன செய்வது?

ம., கொருக்குப்பேட்டை

அன்புள்ள ம.,

"நல்லவேளையாக" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நாலு டம்ளரில்தான் என் கண் நின்றது. பீன்ஸை விடுங்கள், முதலில் பாலைப் பார்ப்போம்.

வீட்டு டம்ளர் 200 மில்லி பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் நாலு டம்ளர் 800 மில்லி. நீல பாக்கெட் பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 60 கலோரி. ஆக, பாலில் மட்டும் 480. ஒவ்வொரு டம்ளரிலும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் இன்னும் 160. இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 1,000 கலோரி. அதில் பாதிக்கு மேல் டம்ளரிலேயே முடிந்துவிட்டது, பிஸ்கட் கணக்கு தனி. மதியம் 1 மணிக்கு நீங்கள் தட்டோடு உட்காரும்போது உங்கள் பையனுக்குப் பசியே இல்லை. பசியில்லாதவன் முன்னால் எதை வைத்தாலும் முதலில் தள்ளுவது காயைத்தான்.

கலோரி மட்டுமல்ல பிரச்சினை. பாலில் இரும்புச்சத்து இல்லை என்றே சொல்லலாம். மற்ற சாப்பாட்டில் இருப்பதை உடம்பு எடுத்துக்கொள்வதையும் அது குறைக்கும். ரத்தசோகை வந்தால் பசி இன்னும் மந்தமாகும். பால் அதிகமானால் பல குழந்தைகளுக்கு மலம் இறுகும், வயிறு இறுகியவனுக்குச் சாப்பாடு பிடிக்காது. உடனே வீட்டில் "சாப்பிடலையே, பாலாவது குடிக்கட்டும்" என்று இன்னொரு டம்ளர் கொடுப்போம். நான் வருஷக்கணக்காகப் பார்த்த பிள்ளைகளில் "காயே தொடமாட்டான்" என்று வந்த பலரின் கதை இந்தச் சக்கரம்தான்.

ஒரு நாளைக்கு 400 மில்லி போதும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, சாயங்காலம் 4 மணிக்கு ஒன்று. பாட்டிலில் கொடுக்கிறீர்களானால் டம்ளருக்கு மாற்றுங்கள். ராத்திரிப் பாலை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம், நாலு நாளைக்கு ஒருமுறை 50 மில்லி குறைத்தால் போராட்டம் குறைவு. சாப்பாட்டுக்கும் அடுத்த தீனிக்கும் நடுவே இரண்டரை மணி நேரமாவது தண்ணீர் மட்டும். கையில் பிஸ்கட்டோடு வீடு முழுக்கச் சுற்றுவதும் அதோடு நிற்க வேண்டும்.

அப்புறம், ஒரு வயதில் வாங்கிக்கொண்டவன் ஏன் மாறினான் என்பது. பிறந்தபோது 3 கிலோ இருக்கும் குழந்தை ஒரு வயதில் 9 கிலோ ஆகிறது. இரண்டாவது வருஷம் முழுக்க ஏறுவது 2, 2.5 கிலோதான். வளர்ச்சி மெதுவானதும் பசியும் குறையத்தான் செய்யும். அதோடு, நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் போடாமல் இருக்க ஒரு பயம் கூடவே வருகிறது. தெரியாத நிறம், தெரியாத வாசனை என்றால் வேண்டாம். இரண்டு வயதிலிருந்து ஐந்தாறு வயது வரை இது இருக்கும். இதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டதால்தான் உங்களுக்குக் கை நீண்டது. அவனுக்கு அது பயம்.

சாக்லேட் பேரத்துக்கு வருகிறேன். 1980களில் லீன் பிர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளர், மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத ஒரு பால் பானத்தைக் கொடுத்துப் பார்த்தார். குடித்தால் பரிசு என்று சொல்லப்பட்ட பிள்ளைகளுக்குப் பிறகு அந்தப் பானத்தின் மீது விருப்பம் குறைந்தது. "சபாஷ், சமத்து" என்று பாராட்டு மட்டும் கிடைத்தவர்களுக்கும் அதே கதை. பிள்ளையின் கணக்கு எளிது: இதைச் சாப்பிடக் கூலி கொடுக்கிறார்கள் என்றால் இது நல்ல பொருளாக இருக்க முடியாது, கூலிதான் நல்ல பொருள். நீங்கள் ஒவ்வொரு முறை பேரம் பேசும்போதும் பீன்ஸ் ஒரு படி இறங்கி, சாக்லேட் ஒரு படி ஏறுகிறது. (ருசி பார்த்தால் ஸ்டிக்கர் என்று சாப்பாடல்லாத பரிசு கொடுத்து லண்டனில் செய்த ஆய்வுகளில் பலன் இருந்தது, உண்மைதான். ஆனால் 2 வயதில், அதுவும் வீட்டில் இவ்வளவு சண்டை நடந்த பிறகு, அதைத் தொட வேண்டாம் என்பது என் எண்ணம்.)

போனும் காக்காவும் வேறு வகை. அங்கே வாய் தானாகத் திறக்கிறது, உள்ளே என்ன போகிறது என்று பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. நூறு வாய் பீன்ஸ் அப்படிப் போனாலும் பீன்ஸோடு அவனுக்கு அறிமுகம் ஆகாது. நமக்கு வேண்டியது அந்த அறிமுகம்.

எலின் சாட்டர் என்ற உணவு ஆலோசகர் சொன்ன வேலைப் பிரிவினையைத்தான் நான் என்னிடம் வருகிறவர்களிடம் சொல்வேன். என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்காருவது, இது நம் வேலை. சாப்பிடுவதா, எவ்வளவு, இது அவன் வேலை. அவன் வேலையில் நாம் கை வைக்கக் கூடாது. கேட்கச் சுலபமாக இருக்கும், செய்யும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

என் மகள் கதையைச் சொன்னால் புரியும். அப்போது தண்டையார்பேட்டையில் கூட்டுக் குடும்பம், அவளுக்கும் இரண்டரை வயது. நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு காய், கேரட். சுண்டுவிரல் நீளத்துக்கு நறுக்கி, விரலால் நசுக்கினால் நசுங்கும் வரை வேகவைத்து, கொஞ்சம் உப்பும் நெய்யும். தட்டில் அவளுக்குப் பிடித்த தயிர் சாதம், அப்பளம், ஓரத்தில் ரெண்டே ரெண்டு துண்டு கேரட். நாங்களும் அதையே எங்கள் தட்டில் வைத்துக்கொண்டு தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். கேரட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று ஏற்பாடு.

முதல் நாள் எடுத்து என் தட்டில் போட்டாள். மூன்றாம் நாள் தரையில் எறிந்தாள். என் மாமியார், "இன்னா இது, பாய்ப் போவுதே" என்று முணுமுணுத்தார். ரெண்டு துண்டு என்பதால் வீணாவதும் ரெண்டு துண்டுதான் என்றேன். ஐந்தாம் நாள் விரலால் நசுக்கி அப்பளத்தில் தேய்த்து விளையாடினாள். நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம், அது பெரிய கஷ்டம். எட்டாம் நாள் நாக்கால் தொட்டாள். பத்தாம் நாள் மென்று, கையில் துப்பி, துப்பியதை உற்றுப் பார்த்தாள். இங்கேதான் பலர் கெடுக்கிறார்கள். துப்புவது தோல்வி இல்லை, துப்ப அனுமதி உண்டு என்று தெரிந்த பிள்ளைதான் அடுத்த முறை தைரியமாக வாயில் வைக்கும். பன்னிரண்டாம் முறை வைத்தபோது ஒரு துண்டு உள்ளே போனது. யாரும் கை தட்டவில்லை. பாதி காயைச் சமையல்கட்டில் எடுத்துவைத்துவிட்டு வந்து நான்தான் ஒரு மூலையில் நின்று சிரித்தேன்.

பொதுவாக எட்டிலிருந்து பதினைந்து முறை வைக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான வீடுகளில் நாலாவது முறையோடு "இவனுக்குப் பிடிக்காது" என்று முடித்துவிடுகிறோம். தினம் வைக்கத் தேவையில்லை, வாரம் மூன்று நாள் வைத்தால்கூட ஒரு மாதத்தில் கணக்கு வந்துவிடும்.

உங்கள் வீட்டில் கேரட்டைவிட நல்ல வாசல் ஒன்று இருக்கிறது, நெத்திலி குழம்பு. அந்த ருசி அவனுக்குத் தெரிந்த ருசி. குழம்பில் கத்திரிக்காயும் மாங்காயும் எப்படியும் போடுவீர்கள். காசிமேட்டிலிருந்து மீன் வருகிற நாளெல்லாம், அந்தக் குழம்பில் வெந்த கத்திரிக்காயில் ஒரு சின்னத் துண்டைச் சாதத்துக்குப் பக்கத்தில் தனியாக வையுங்கள். சாதத்தில் பிசைந்து ஒளிக்க வேண்டாம். ஒளித்ததைக் கண்டுபிடித்துவிட்டான் என்றால் அடுத்த நாளிலிருந்து குழம்பு சாதத்தையும் சந்தேகப்படுவான், கையில் இருப்பதும் போய்விடும். மீனில் முள் பார்த்துக் கொடுங்கள், பச்சைக் கேரட்டும் முழு வேர்க்கடலையும் இந்த வயதுக்கு ஆகாது, தொண்டையில் அடைக்கும்.

முதல் நாலைந்து நாள் நிலைமை மோசமாகும், தயாராக இருங்கள். பால் கேட்டு அழுவான். ஒருநாள் ராத்திரி ரெண்டு வாயோடு எழுந்து போய்விடுவான். இருபது நிமிடம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள், கோபமில்லாமல். பின்னாலேயே ஓடி, தனியாகச் சர்க்கரை தோசை ஊற்றிக் கொடுத்தால் மறுபடி பேரம் தொடங்கியது என்று அர்த்தம். எடை ஒழுங்காக ஏறுகிற குழந்தை ஒரு வேளை குறைத்துச் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது. அடுத்த நாள் காலை இட்லியில் அதை ஈடுகட்டிவிடுவான்.

இந்த இடத்தில் ஒரு எல்லை இருக்கிறது. 11.5 கிலோ அவன் வயதுக்குக் குறைந்த பக்கம், ஆனால் பயப்படும் எடை இல்லை. இருந்தாலும் ஒரு எண்ணை மட்டும் வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். அங்கன்வாடியில் போட்ட எடைகளை வரிசையாகப் பாருங்கள், கோடு மேலே போகிறதா என்று. கோடு படுத்திருந்தாலோ இறங்கினாலோ, கண் இமையின் உள்பக்கம் வெளுத்திருந்தாலோ, சுவர்ச் சுண்ணாம்பு, மண், பல்பம் தின்றாலோ, விழுங்கும்போது இருமினாலோ, கட்டியான எதைக் கொடுத்தாலும் குமட்டினாலோ, சாப்பிடும் பண்டங்களின் எண்ணிக்கை மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலோ, நான் எழுதிய எதையும் செய்து பார்க்காமல் ஸ்டான்லியில் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். நாலு டம்ளர் பால் எத்தனை மாதமாக நடக்கிறது என்று சொன்னால் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுக்கலாம். பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்றும் அங்கன்வாடியில் கேட்டு வையுங்கள்.

மாமியாரிடம் "ஊட்டாதீங்க" என்று மட்டும் சொன்னால் வீட்டில் வேறு சண்டை வரும். அவருக்கு வேறொரு வேலை கொடுங்கள். முருங்கைக்கீரை ஆயும்போது பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளட்டும். ரெண்டு வயதுக் கை காம்பிலிருந்து இலை உருவ நன்றாக வரும், பாதி கீழே கொட்டும், பரவாயில்லை. போனை அந்த நேரம் அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். காக்காவுக்குச் சோறு வைக்கும் வேலையையும் பையனிடமே கொடுத்துவிடலாம், சாப்பிட்டு முடித்த பிறகு.

அடித்ததை நினைத்து அழுதுகொண்டிருக்க வேண்டாம். இன்று ராத்திரி அவன் தட்டில் ரெண்டு துண்டு வையுங்கள், உங்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிடுங்கள். ஒரு மாதம் கழித்து எழுதுங்கள், பால் எத்தனை டம்ளருக்கு வந்தது என்பதை முதல் வரியில்.